முட்டையின் மஞ்சள் கருவும் குழந்தையின் மூளையும்: கோலின் என்னும் சத்து

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவற்றை மருத்துவர்கள் தவறாமல் பரிந்துரைக்கின்றனர். அவற்றோடு ஒப்பிடுகையில் கோலின் என்னும் சத்தின் பெயர் வீடுகளில் அரிதாகவே ஒலிக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை உருவாவதற்கு இச்சத்தும் தேவை. நாம் அன்றாடம் உண்ணும் உணவுகளுள் இதனை மிகுதியாகத் தருவது முட்டையின் மஞ்சள் கரு. முட்டை உண்ணும் இல்லங்களிலும் உண்ணாத இல்லங்களிலும் இதன் அளவை எவ்வாறு கணக்கிடுவது என்பதை ஜெர்சி சிட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

1840களில் பிரெஞ்சு வேதியியலாளர் தியோடர் கோப்லே முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து கொழுப்புத் தன்மையுள்ள ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு லெசித்தின் எனப் பெயரிட்டார். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் விலங்குகளின் பித்தநீரிலிருந்து வேறொரு பொருளைப் பிரித்து, பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1862இல் அதற்குக் கோலின் என்னும் பெயரைச் சூட்டினார். லெசித்தினுக்குள் அடங்கியிருப்பதும் இதே கோலின்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆயினும் இச்சத்தை மனிதர் உணவின் வழியாகப் பெற்றே தீர வேண்டும் என்பது நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. மனிதரின் கல்லீரல் சிறிதளவு கோலினைத் தானே உண்டாக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். அவ்வாறு உண்டாகும் அளவு போதாது என்பது ஆய்வுகளால் உறுதியான பின்னர், அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 1998இல் கோலினை இன்றியமையாத சத்தாக அறிவித்து, நாளொன்றுக்குப் போதிய அளவு எவ்வளவு என்பதையும் வகுத்தது. வயது வந்த பெண்களுக்கு 425 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 450 மி.கி., தாய்ப்பால் ஊட்டும் பெண்களுக்கு 550 மி.கி., ஆண்களுக்கு 550 மி.கி. என்பன அந்த அளவுகள். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 200 மி.கி., நான்கு முதல் எட்டு வயது வரை 250 மி.கி. என்று குறிக்கப்பட்டுள்ளது.

மஞ்சள் கருவில் மட்டும் இருப்பது ஏன்?

ஓடு மூடிய முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சுக்கு இருபத்தொரு நாள்களும் வெளியிலிருந்து உணவு கிடையாது. அதன் மூளையும் நரம்புகளும் ஏனைய உறுப்புகளும் உருவாகத் தேவையானவை அனைத்தையும் தாய்க்கோழி முன்னதாகவே முட்டைக்குள் வைத்துவிடுகிறது. உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு கோலின் அடங்கிய கொழுப்பினால் ஆனது. ஆதலால் உயிரணுக்கள் பல்கிப் பெருக வேண்டிய இடத்தில் கோலின் சேமித்து வைக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பு முழுவதும் மஞ்சள் கருவிலேயே உள்ளது.

அமெரிக்கக் கடைகளில் 'லார்ஜ்' என்று விற்கப்படும் முட்டை ஒன்றின் உண்ணத்தக்க பகுதி ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ளது. அதனை வேகவைத்தால் அதில் சுமார் 147 மி.கி. கோலின் உள்ளது. அதே முட்டையின் வெள்ளைக் கருவில் ஒரு மி.கி. அளவு கூட இல்லை. எனவே கொழுப்புக்கு அஞ்சி மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் ஆம்லெட் செய்பவர் புரதத்தைப் பெறுகிறார். கோலினை முற்றிலும் இழந்துவிடுகிறார். முட்டையை அவித்தாலும் பொரித்தாலும் குழம்பிலிட்டாலும் மஞ்சள் கரு முழுமையாக உண்ணப்படுமாயின் கோலின் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

மூளையில் கோலின் செய்யும் வேலை

கருவின் மூளையில் கோலின் மூன்று வகையாகப் பயன்படுகிறது.

முதலாவது, கட்டுமானம். மூளையில் புதிதாகத் தோன்றும் ஒவ்வோர் உயிரணுவுக்கும் சவ்வு வேண்டும். நரம்பு இழைகளைச் சுற்றி, மின்கம்பிக்கு உறை இட்டாற்போல, மயலின் என்னும் உறை படிகிறது. சவ்வுக்கும் உறைக்கும் தேவையான கொழுப்பு வகைகளில் கோலின் அடங்கியுள்ளது.

இரண்டாவது, செய்தி கடத்தல். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்கோ தசைக்கோ செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களுள் ஒன்று அசிட்டைல்கோலின். கவனத்திற்கும் நினைவுக்கும் இது வேண்டும். உடல் இதனைக் கோலினிலிருந்தே தயாரிக்கிறது.

மூன்றாவது, மெத்தில் தொகுதி வழங்கல். கோலின் உடலில் பீட்டெயின் என்னும் பொருளாக மாறி, மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதியை வழங்குகிறது. எந்த மரபணு செயற்பட வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் குறிகளை இத்தொகுதி இடுகிறது. ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் இதே பணியில் பங்கு கொள்கின்றன. ஆகவே இம்மூன்றில் ஒன்று குறைந்தால் மற்றவற்றின் மீது சுமை கூடும். முட்டையையும் இறைச்சியையும் தவிர்ப்பவருக்குப் பி12, கோலின் ஆகிய இரண்டும் ஒருசேரக் குறைய வாய்ப்புண்டு என்பதால் இத்தொடர்பு கவனிக்கத்தக்கது.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் முதலாய் அமைவது நரம்புக்குழல். அது கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள், பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்னரே, மூடிவிடுகிறது. அது சரிவர மூடாமையால் தண்டுவடத்திலும் மூளையிலும் பிறவிக் குறைகள் ஏற்படுகின்றன. கருத்தரிக்கும் காலத்தில் தாய்மார் உணவில் கோலின் குறைந்திருந்தால் இக்குறைகள் கூடுதலாகக் காணப்பட்டன எனக் கலிஃபோர்னியாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆயினும் ஃபோலிக் அமிலத்தின் இடத்தைக் கோலின் எடுத்துக்கொள்ள இயலாது. ஃபோலிக் அமிலத்தின் பயன் உறுதிப்பட்ட ஒன்று. அதனை எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் தேவை மேலும் உயர்கிறது. நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்திலிருந்து கோலினை இழுத்துக் குழந்தைக்குச் செலுத்துவதால், தாயின் இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் குழந்தையின் இரத்தத்தில் கோலின் மிகுந்திருக்கிறது. தாயின் உணவில் போதிய அளவு இல்லாவிடில் தாயின் சேமிப்பே கரைகிறது.

உடலே தயாரித்துக்கொள்ளாதா?

பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் கல்லீரலைத் தூண்டிக் கோலின் தயாரிப்பைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் இந்த இயக்குநீர் பன்மடங்கு பெருகுவது இயற்கை செய்த ஏற்பாடு எனலாம். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இது ஒரே அளவில் உதவுவதில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களுக்குச் சில வாரங்கள் கோலின் மிகக் குறைந்த உணவு அளிக்கப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களில் 80 விழுக்காட்டினருக்குக் கல்லீரலிலோ தசையிலோ பாதிப்பு தோன்றிற்று. மாதவிடாய் நிற்காத பெண்களில் 44 விழுக்காட்டினருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. இவ்வேறுபாடு ஈஸ்ட்ரோஜனின் துணையைக் காட்டுகிறது. எனினும் இளம்பெண்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாதிப்பு வந்தது என்பதையும் நோக்க வேண்டும். கோலின் தயாரிக்கும் மரபணுவில் காணப்படும் சிறு வேறுபாடுகள் இதற்கு ஒரு காரணம். யாருக்கு அவ்வேறுபாடு உண்டு என்பது வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஆதலால் உணவையே நம்ப வேண்டியுள்ளது.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் சொல்கின்றன?

நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 26 கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் உணவு முழுவதும் அளந்து வழங்கப்பட்டது. ஒரு பிரிவினர் நாள்தோறும் 480 மி.கி. கோலின் பெற்றனர், மற்றொரு பிரிவினர் 930 மி.கி. பெற்றனர். பிறந்த குழந்தைகள் 4, 7, 10, 13 மாத வயதில் சோதிக்கப்பட்டனர். திரையில் தோன்றும் படத்தின் பக்கம் குழந்தையின் கண் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதே சோதனை. கூடுதலாகப் பெற்ற தாய்மாரின் குழந்தைகள் விரைவாகத் திரும்பினர் என்று 2018இல் முடிவு வெளியிடப்பட்டது. அக்குழந்தைகள் ஏழு வயதை அடைந்தபோது கவனத்தை நீடித்து நிறுத்தும் ஆற்றலிலும் வேறுபாடு காணப்பட்டது.

இதற்கு மாறான முடிவும் உண்டு. வட கரோலினாவில் 2012இல் வெளியான ஆய்வில் கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து கோலின் கூடுதலாக வழங்கப்பட்டபோதும், 10, 12 மாதக் குழந்தைகளின் நினைவாற்றலில் வேறுபாடு தென்படவில்லை.

பிறந்த பின்னர் முட்டை ஊட்டுவதிலும் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஈக்வடாரின் மலைப்பகுதியில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் நாளொரு முட்டை வழங்கப்பட்டது. அவர்களின் உயர வளர்ச்சி மேம்பட்டதோடு இரத்தத்தில் கோலினும் உயர்ந்தது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் அதே முறையில் சுமார் 660 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் உயரத்திலும் ஒட்டுமொத்த அறிவு வளர்ச்சியிலும் வேறுபாடு காணப்படவில்லை. மலாவிக் குழந்தைகள் ஏரி மீனை முன்னரே உண்டு வந்தனர் என்பது இதற்குரிய விளக்கங்களுள் ஒன்று.

இவற்றிலிருந்து பெறத்தக்க முடிவு இதுவே: குறைவாக உள்ள இடத்தில் நிறைவு செய்வது பயன் தரும், நிறைவாக உள்ள இடத்தில் மேலும் சேர்ப்பது உறுதியான பயன் தருவதில்லை. முட்டை உண்ணாத தாயின் குழந்தை அறிவுக் குறைவுடன் பிறக்கும் என்று எந்த ஆய்வும் கூறவில்லை. அவ்வாறு அஞ்சுவதும் பிறரை அச்சுறுத்துவதும் தவறு.

சத்துணவு முட்டையும் வாழைப்பழமும்

தமிழ்நாட்டில் பள்ளி பயின்றோர் பலர் இந்தக் கணக்கைத் தம் வாழ்விலேயே கண்டிருப்பர். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முதலில் முட்டை இல்லை. 1989இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு இரு வாரங்களுக்கு ஒரு முட்டை வழங்கத் தொடங்கியது. 1998இல் வாரத்துக்கு ஒன்றாகவும், பின்னர் படிப்படியாக உயர்ந்து 2010இல் பள்ளி நாள்கள் ஐந்திலும் ஒன்றாகவும் அது மாறியது. முட்டை உண்ணாத மாணவர்களுக்கு அதற்கு ஈடாக வாழைப்பழம் வழங்கப்படுகிறது.

முட்டை சேர்க்கப்பட்டதன் நோக்கம் புரதமே. கோலின் அன்று கணக்கில் வரவில்லை. இன்று கோலின் அளவைக் கொண்டு நோக்கினால் நிலை வேறாகத் தெரிகிறது. இந்திய முட்டை அமெரிக்க முட்டையைவிடச் சற்றுச் சிறியது. அதில் ஏறத்தாழ 130 மி.கி. கோலின் இருக்கும். ஆறு வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவையில் இது பாதிக்கும் மேல். நூறு கிராம் வாழைப்பழத்திலோ சுமார் 10 மி.கி. மட்டுமே உள்ளது. வாழைப்பழம் நல்ல உணவுதான். ஆனால் கோலினைப் பொறுத்தவரை அது முட்டைக்கு ஈடாகாது. இங்குள்ள இல்லங்களிலும் முட்டைக்குப் பதில் பழம் என்று மாற்றும்போது இதே இடைவெளி உண்டாகிறது. அதனை வேறு உணவால் நிரப்ப வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஜெர்சி சிட்டியில் வாழும் கர்ப்பிணி ஒருவரின் ஒரு நாள் உணவைக் கொள்வோம். அவருக்குத் தேவை 450 மி.கி. காலையில் இரண்டு அவித்த முட்டை (294), ஒரு கோப்பை பால் (43), நண்பகலில் ஒரு கோப்பை தயிர் (38), அரைக் கோப்பை வேகவைத்த ராஜ்மா (45), அரைக் கோப்பை காலிஃபிளவர் (24) ஆகியவற்றை அவர் உண்கிறார். கூட்டினால் 444 மி.கி. வருகிறது. சோறு, காய் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் சிறு அளவும் சேர்ந்து தேவை நிறைவுறுகிறது.

அவரே வெள்ளைக் கருவை மட்டும் உண்டால் மொத்தம் 151 மி.கி. அளவுக்கு இறங்கிவிடும். தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் இது.

முட்டையே உண்ணாதவராயின் மேற்சொன்ன உணவில் முட்டை நீங்கலாக 150 மி.கி. எஞ்சும். அதனோடு அரைக் கோப்பை வறுத்த சோயா (107), தோலுடன் வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கு ஒன்று (57), இன்னொரு கோப்பை பால் (43), கால் கோப்பை வேர்க்கடலை (24) ஆகியவற்றைச் சேர்த்தால் 381 மி.கி. கிடைக்கிறது. ஏறத்தாழ 70 மி.கி. குறைகிறது. அதாவது, கவனத்துடன் தேர்ந்து உண்ணும் சைவ உணவாளரும் இலக்கை நெருங்கலாமே தவிர எளிதில் எட்ட இயலாது. சோயாவும் இல்லாத இட்லி, சாம்பார், ரசம், பொரியல் என்னும் வழக்கமான உணவில் குறைபாடு இன்னும் பெரிதாகும். அசைவம் உண்போருக்கு 85 கிராம் கோழி இறைச்சியில் சுமார் 72 மி.கி. கிடைக்கும். ஆட்டு ஈரலில் கோலின் மிகுதியாக இருந்தாலும், அதிலுள்ள வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்வது கருவுக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் அதனை நம்பியிருத்தல் கூடாது.

மாத்திரையின் சிட்டையைப் படித்தல்

கர்ப்ப கால வைட்டமின் மாத்திரை எடுப்பதால் எல்லாச் சத்தும் கிடைத்துவிடும் எனக் கருதுவோர் பலர். பெரும்பாலான மாத்திரைகளில் கோலின் இல்லை. இருந்தாலும் சிறிதளவே உள்ளது. கோலினைப் போதிய அளவில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2017இல் வலியுறுத்தியது. எனவே புட்டியின் பின்புறச் சிட்டையில் கோலின் என்னும் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அங்கு ஒரு நுட்பம் உண்டு. சில மாத்திரைகளில் 'கோலின் பைடார்ட்ரேட் 500 மி.கி.' என்று குறிக்கப்பட்டிருக்கும். அது உப்பின் எடையாக இருக்கலாம். அவ்வுப்பின் எடையில் கோலினின் பங்கு ஏறத்தாழ 41 விழுக்காடு மட்டுமே. ஆகவே 500 மி.கி. உப்பில் சுமார் 205 மி.கி. கோலினே உள்ளது. 'கோலின் (பைடார்ட்ரேட்டாக) 200 மி.கி.' என்று எழுதியிருந்தால் அது கோலினின் எடை. ஐயம் ஏற்படின், புட்டியை எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டிக் கேட்பது நன்று.

அளவு மீறுவதும் தீங்கு. வயது வந்தோர் நாளொன்றுக்கு 3,500 மி.கி. அளவைக் கடக்கலாகாது. கடந்தால் உடலில் மீன் நாற்றம், மிகுந்த வியர்வை, இரத்த அழுத்தம் தாழ்தல் ஆகியன தோன்றும். முட்டையால் இவ்வளவை எட்டுவது அரிது. மாத்திரைகளை மிகுதியாக விழுங்குவோர்க்கே இது நேரும்.

முட்டையைக் கையாளும் முறை

கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் கெட்டியாகும் வரை வேகவைத்த முட்டையே உகந்தது. அரைவேக்காட்டு முட்டையில் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். அமெரிக்காவில் முட்டைகள் கழுவப்பட்டு விற்பனைக்கு வருவதால், ஊரில் போலக் கூடையில் வெளியே வைத்திராமல், வாங்கியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போதே நன்கு வெந்த முட்டையையும் மசித்துச் சிறிதளவு கொடுக்கலாம். ஒவ்வாமைக்கு அஞ்சி நெடுநாள் தள்ளிப்போடுவது ஒவ்வாமையைத் தடுப்பதில்லை. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே வேறு உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். முட்டை உண்டபின் உதடு வீங்கினாலோ, உடலெங்கும் தடிப்பு எழுந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 911 எண்ணை அழைக்க வேண்டும். நீரிழிவு, உயர் கொலஸ்டிரால் உள்ளோர் நாள்தோறும் எத்தனை முட்டை உண்ணலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

உதவி பெறும் வழி

வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள கர்ப்பிணிகள், தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு 'விக்' என்னும் கூட்டாட்சி உணவுத் திட்டம் நியூ ஜெர்சியிலும் நடைபெறுகிறது. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயது கடந்த குழந்தைகளுக்கும் அதில் வழங்கப்படும் மாதப் பொருள்களில் ஒரு டஜன் முட்டை அடங்கும். தாய்ப்பால் மட்டும் ஊட்டும் தாய்மாருக்கு இரண்டு டஜன் உண்டு. முட்டை உண்ணாதோர் அதற்கு ஈடாகப் பருப்பு வகை, வேர்க்கடலை வெண்ணெய், டோஃபு ஆகியவற்றுள் எதனைப் பெறலாம் என்று பதிவின்போதே கேட்கலாம். அவ்வாறு கேட்கையில் மேற்கண்ட கணக்கை நினைவிற்கொண்டு சோயாவிலிருந்து செய்யப்படும் டோஃபுவைக் குறித்தும் விசாரிப்பது தகும்.

கர்ப்பகாலப் பரிசோதனைக்குச் செல்வோர் மருத்துவரிடம் மூன்று செய்திகளைக் கூறினால் போதும்: வாரத்தில் எத்தனை முட்டை மஞ்சள் கருவுடன் உண்கிறார், எடுக்கும் மாத்திரையில் கோலின் எத்தனை மி.கி. உள்ளது, இறைச்சியும் மீனும் உண்பவரா அல்லரா என்பன. இம்மூன்றையும் கொண்டு, தனியே கோலின் மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய இயலும்.